ஒரு புடவை விற்க 200 ரூபாய் விளம்பரமா?

செல்போனில் விளம்பரம் கொடுத்துப் புடவை விற்கிற கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆவணி மாதத்தில் ஒரு புடவை விற்க அந்தக் கடைக்கு 100 ரூபாய் விளம்பரச் செலவு ஆயிற்று. புரட்டாசியில் அதுவே 200 ரூபாயாகி விட்டது!

கொள்முதல், கூலி எல்லாம் போகப் புடவைக்கு 150 ரூபாய்தான் நிற்கிறது. அதிலிருந்துதான் விளம்பரச் செலவையும் கழிக்க வேண்டும். ஆவணியில் 50 ரூபாய் லாபம். புரட்டாசியில் 50 ரூபாய் நஷ்டம். விற்க விற்க நஷ்டம்!

முதலாளி பதறுகிறார். "தீபாவளி நெருங்குகிறது. எல்லாக் கடைக்காரர்களும் விளம்பரம் கொடுக்கிறார்கள். விளம்பர விலை ஏறிவிட்டது. பேசாமல் விளம்பரத்தையே நிறுத்திவிடலாம்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை தடுக்கிறார். "அவசரப்படாதீர்கள் முதலாளி. எது ஏறியது, எது இறங்கியது என்று பிரித்துப் பார்த்துவிடுவோம்" என்கிறார்.

எப்படிப் பிரிப்பது? நாமும் கூடவே பார்ப்போம்.

மூன்று படிகள்

விளம்பரம் விற்பனையாக மாறுவதற்குள் மூன்று படிகளைத் தாண்ட வேண்டும்.

முதல் படி, விளம்பரம் ஒருவருடைய செல்போனில் தெரிய வேண்டும். அதற்குக் காசு உண்டு. ஆயிரம் தடவை காட்ட இவ்வளவு ரூபாய் என்று கணக்கிடுவார்கள். ஏலம்போல விலை போகிற இடம் இது. கேட்பவர்கள் கூடினால் விலையும் கூடும்.

இரண்டாவது படி, பார்த்தவர் அதை விரலால் தொட்டுக் கடையின் பக்கத்துக்குள் வர வேண்டும். இதற்கு 'கிளிக்' என்று பெயர். நூறு தடவை காட்டினால் எத்தனை கிளிக் என்பது கிளிக் விகிதம்.

மூன்றாவது படி, உள்ளே வந்தவர் புடவை வாங்க வேண்டும். நூறு பேர் வந்தால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது விற்பனை விகிதம்.

காட்டும் விலை ஏறினாலும் ஒரு புடவைக்கு ஆகும் செலவு ஏறும். கிளிக் விகிதம் இறங்கினாலும் ஏறும். விற்பனை விகிதம் இறங்கினாலும் ஏறும். மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதில்தான் காரியமே இருக்கிறது.

இதோ கணக்கு!

ஆவணியில் விளம்பரம் 1 லட்சம் தடவை காட்டப்பட்டது. செலவு 10,000 ரூபாய். ஆயிரம் தடவைக்கு 100 ரூபாய். கிளிக் செய்தவர்கள் 2,000 பேர். விகிதம் நூற்றுக்கு 2. வாங்கியவர்கள் 100 பேர். விகிதம் நூற்றுக்கு 5.

புரட்டாசியிலும் 1 லட்சம் தடவைதான் காட்டப்பட்டது. ஆனால் செலவு 12,000 ரூபாய். ஆயிரத்துக்கு 120 ரூபாய். கிளிக் செய்தவர்கள் 2,500 பேர். விகிதம் நூற்றுக்கு இரண்டரை. வாங்கியவர்களோ 60 பேர்தான்! விகிதம் நூற்றுக்கு 2.4.

இப்போது ஒவ்வொரு படியாக மாற்றிப் பாருங்கள்.

காட்டும் விலை மட்டும் ஏறியிருந்தால், புடவைக்கான செலவு 100 ரூபாயிலிருந்து 120 ரூபாயாக ஏறியிருக்கும். அவ்வளவுதான்.

அதோடு கிளிக் விகிதமும் கூடியிருக்கிறது. அதே பணத்துக்கு அதிகம் பேர் வந்ததால், 120 ரூபாய் 96 ரூபாயாக இறங்கியிருக்க வேண்டும். ஆவணியைவிட இது குறைவு!

கடைசியில் விற்பனை விகிதம் நூற்றுக்கு 5 என்பதிலிருந்து 2.4 ஆக விழுந்தது. அதனால்தான் 96 ரூபாய் 200 ரூபாயாகத் தாவியது.

பார்த்தீர்களா? விளம்பர விலை ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தைக் கூடுதல் கிளிக் விழுங்கிவிட்டது. ஒரு கிளிக்குக்கு ஆவணியில் 5 ரூபாய். புரட்டாசியில் 4 ரூபாய் 80 காசு. ஆட்கள் வருவது மலிவாகத்தான் ஆகியிருக்கிறது. வந்தவர்கள் வாங்கவில்லை. கோளாறு அங்கேதான்!

ஓர் எச்சரிக்கை

மேலே சொன்ன கணக்கில் விலையின் பங்கு 20 ரூபாய் என்று வந்தது. ஆனால் விற்பனை விகிதத்தை முதலில் மாற்றி, பிறகு விலையை மாற்றினால், அதே விலையின் பங்கு சுமார் 42 ரூபாய் என்று வரும். எதை முதலில் மாற்றுகிறோமோ அதைப் பொறுத்து ரூபாய்ப் பங்கு மாறும்.

மாறாதது மடங்குதான். விலையால் 1.2 மடங்கு. கிளிக் கூடியதால் 0.8 மடங்கு. விற்பனை விகிதம் விழுந்ததால் ஏறக்குறைய 2.08 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 2 மடங்கு. 100 ரூபாய் 200 ஆனது சரியாக வந்துவிடுகிறது. ஆகவே மாதா மாதம் மடங்கைக் குறித்து வைப்பதே நல்லது.

ஏன் வாங்கவில்லை?

கணக்கு இடத்தைத்தான் காட்டும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

முதலில் கணக்குப்பிள்ளை கடையின் ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். விளம்பரக் கணக்கில் உள்ள 60 விற்பனையும் புத்தகத்தில் உள்ளதும் ஒத்துப்போயின. விற்பனை குறையாமலே எண்ணிக்கை விட்டுப்போவதும் உண்டு. இங்கே அப்படி இல்லை. இன்று கிளிக் செய்துவிட்டு நான்கு நாள் கழித்து வாங்குகிறவர்களும் உண்டு. ஆகையால் மாதம் முடிந்து ஒரு வாரம் பொறுத்தே அவர் எண்ணினார்.

அடுத்து, விளம்பரத்தைத் தனித்தனியாகப் பிரித்தார். புரட்டாசியில் இரண்டு விளம்பரங்கள் ஓடின. ஒன்று பழையது. மற்றொன்று "பாதி விலையில் பட்டு!" என்ற புதியது.

பழையது 25,000 தடவை காட்டப்பட்டது. 500 பேர் வந்தார்கள். 25 பேர் வாங்கினார்கள். நூற்றுக்கு 5. ஆவணியில் இருந்த அதே விகிதம்!

புதியது 75,000 தடவை காட்டப்பட்டது. 2,000 பேர் ஓடி வந்தார்கள். 35 பேர்தான் வாங்கினார்கள். நூற்றுக்கு 2 கூட இல்லை.

மர்மம் விடுபட்டது! கடையின் பக்கமோ பணம் கட்டும் இடமோ பழுதாகியிருந்தால், பழைய விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களும் வாங்காமல் போயிருப்பார்கள். அவர்கள் வழக்கம்போல வாங்கினார்கள். புதிய விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். பாதி விலை என்று வந்து பார்த்தால், பாதி விலையில் இருந்தவை சில புடவைகள் மட்டுமே.

கிளிக் விகிதம் ஏறி, விற்பனை விகிதம் இறங்கினால், விளம்பரம் சொல்வது ஒன்று, கடையில் இருப்பது வேறொன்றா என்று முதலில் பாருங்கள்.

சிறிய எண்ணிக்கையில் மட்டும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். 100 விற்பனை 60 ஆனால் அது விஷயம். 5 விற்பனை 3 ஆனால் தற்செயலாகவும் இருக்கலாம்.

முடிவு என்ன?

இரண்டு விளம்பரங்களுக்கும் காட்டும் விலை ஒன்றுதான். பழைய விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் செலவு. புடவைக்கு 120 ரூபாய். லாபம் 30 ரூபாய். புதியதற்கு 9,000 ரூபாய். புடவைக்கு 257 ரூபாய். நஷ்டம் 107 ரூபாய்!

முதலாளி சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தால், லாபம் தந்த விளம்பரமும் நின்றிருக்கும். புதியதை மட்டும் நிறுத்தினார்கள். தீபாவளி விலையேற்றம் 20 ரூபாயைத் தின்றது. மிச்ச 30 ரூபாய் கடைக்கு நின்றது.