எண்ணெயைத் தண்ணீர் வெறுப்பதில்லை

எண்ணெய் ஏன் தண்ணீரில் கரைவதில்லை என்று கேட்டால் சட்டென்று வருகிற பதில், “அது லேசானது, அதனால் மிதக்கிறது” என்பதுதான். மிதப்பதற்கு அது சரியான காரணம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 920 கிராம் அளவில் இருக்கும், தண்ணீர் ஒரு கிலோ. ஆனால் கரையாமல் போவதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. ஒரு லிட்டர் ஆல்கஹால் ஏறக்குறைய 790 கிராம்தான், எண்ணெயைவிடவும் லேசு. அதைத் தண்ணீரில் எந்த அளவில் ஊற்றினாலும் சுவடு தெரியாமல் கலந்துவிடும். மேலே யார், கீழே யார் என்பதை மட்டுமே எடை தீர்மானிக்கிறது. கலப்பதா இல்லையா என்பது மூலக்கூறுகளுக்குள் மின்சுமை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தண்ணீரின் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன் என்பது பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். அங்கே அவசரமாகத் தாண்டிப் போகிற விஷயம் அதன் வடிவம். இந்த மூன்று அணுக்களும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. நடுவே ஆக்சிஜன், அதிலிருந்து கவட்டை போலப் பிரிந்து இரண்டு ஹைட்ரஜன்கள். இடையிலுள்ள கோணம் 104.5 டிகிரி. ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான்கள் மீது ஆசை அதிகம். ஹைட்ரஜனோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய எலக்ட்ரான்களைத் தன் பக்கமாகவே இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மையும் கொள்கின்றன. மொத்தத்தில் மின்சுமை பூஜ்யம்தான், ஆனால் இரண்டு முனைகள் உண்டாகிவிடுகின்றன. இதைத்தான் முனைவுத்தன்மை என்கிறோம்.

கோணம் இங்கே சாதாரண விஷயமில்லை. கார்பன் டை ஆக்சைடிலும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் கார்பன் நடுவிலும் ஆக்சிஜன்கள் இரு பக்கத்திலும் நேர்கோட்டில் நிற்பதால், இந்தப் பக்க இழுப்பும் அந்தப் பக்க இழுப்பும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. மூலக்கூறு முழுமைக்கும் முனை இல்லாமல் போகிறது. தண்ணீர் வளைந்திருப்பதால்தான் அது தண்ணீராக இருக்கிறது.

முனை இருந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இது ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு மூலக்கூறு இப்படி நான்கு அண்டை வீட்டாரை வரை பிடித்துக்கொள்ளும். பிடி உறுதியானதல்ல, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கோடிக்கணக்கான முறை அறுந்து அறுந்து சேரும். அறுந்த அடுத்த கணமே வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் முக்கியம்.

இப்போது ஒரு சிட்டிகை கல் உப்பைப் போடுவோம். உப்பு, அயனிகளின் அடுக்கு. எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனி. அதை வாங்கிக்கொண்ட குளோரின் எதிர்மின் அயனி. படிகத்துக்குள் ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடுகளும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்தக் கட்டு எவ்வளவு வலிமையானது என்றால், அடுப்பில் வைத்து உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டு அடுப்பில் கடாயில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் உப்பு உப்பாகவே இருக்கும். அதே உப்பைக் குழாய்த் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போகிறது.

அந்த நிமிடத்துக்குள் நடப்பது இது. படிகத்தின் மூலையிலும் விளிம்பிலும் இருக்கும் அயனிகளுக்குக் காவல் குறைவு; ஆறு துணைகளுக்குப் பதில் மூன்றோ நான்கோதான் அருகில் இருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் முதலில் அவற்றைத்தான் சூழ்கின்றன. சோடியத்தை நோக்கி ஆக்சிஜன் முனையைத் திருப்பிக்கொண்டும், குளோரைடை நோக்கி ஹைட்ரஜன் முனையைத் திருப்பிக்கொண்டும் நெருங்குகின்றன. சோடியத்தைச் சுற்றி ஆறு பேர் அளவில் சூழ்ந்ததும் அது படிகத்திலிருந்து கழன்று வந்துவிடுகிறது. ஒருமுறை கழன்ற சோடியமும் குளோரைடும் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் தண்ணீரே காரணம். இடையில் தண்ணீர் வந்துவிட்டால், அவற்றுக்கிடையிலான ஈர்ப்பு வெற்றிடத்தில் இருப்பதில் எண்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

கணக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 58.5 கிராம் உப்பின் அயனிகளைத் தனித்தனியாகப் பிரிக்க 787 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. அதே அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 783. நான்கு கிலோ ஜூல் குறைகிறது. அதைத் தண்ணீர் தன் வெப்பத்திலிருந்து கொடுப்பதால் உப்பு கரையும்போது தண்ணீர் சற்றே குளிர்கிறது. ஆற்றலில் லாபமில்லை என்றாலும் கரைகிறதே என்றால், ஓரிடத்தில் அடுக்கி நிற்பதைவிடப் பாத்திரம் முழுக்கப் பரவி அலைவதற்கு வழிகள் எத்தனையோ மடங்கு அதிகம். இயற்கை அந்தப் பக்கம்தான் சாயும். இந்த ஒரு கருத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயிடம் வரும்போது தேவைப்படும்.

நஷ்டம் அவ்வளவு சிறியது என்பதால்தான் சூடு செய்தும் உப்பை அதிகமாகக் கரைக்க முடிவதில்லை. 100 மில்லி தண்ணீரில் அறை வெப்பத்தில் 36 கிராம் உப்பு கரையும். கொதிக்கும் தண்ணீரில் 39 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சர்க்கரை வேறு ரகம். அதில் அயனிகளே இல்லை. ஆனால் ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கும் எட்டு இடங்கள் உண்டு. அந்த ஜோடிகள் தண்ணீரில் இருக்கும் ஜோடியைப் போலவே முனைவு கொண்டவை. தண்ணீர் அவற்றைத் தன் இனமாகவே பாவித்துப் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை மூலக்கூறு உடையாமல் முழுசாகவே படிகத்திலிருந்து பிரிந்து வருகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதும் சர்க்கரைக் கரைசல் கடத்தாததும் இதனால்தான்.

100 மில்லி தண்ணீர் அறை வெப்பத்தில் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். கொதிநிலையில் ஏறக்குறைய 480 கிராம். இனிப்புப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் தொல்லை தெரியும். சூட்டில் கண்ணாடி மாதிரி இருந்த பாகு, ஆறியதும் பூத்துப்போய்ப் பரல் பரலாகிவிடும். கொள்ளளவு குறைந்ததும் தண்ணீரால் தாங்க முடியாத சர்க்கரை மறுபடி படிகமாகிறது. சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது, கொஞ்சம் சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துப் படிகம் அடுக்கு சேராமல் தடுப்பதற்காகத்தான்.

முனைவு இருந்தால் கரைந்தே தீரும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முட்டை ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டும் அயனிகளால் ஆனதுதான். ஆனால் அதன் அயனிகள் ஒவ்வொன்றிலும் இரட்டை மின்சுமை இருப்பதால் கட்டு பலமடங்கு இறுகியது. தண்ணீர் கொடுக்கும் விலை அங்கே போதவில்லை. பருத்தித் துணியின் நாரிலும் சர்க்கரையிலுள்ள அதே ஜோடிகள் நிறைய உண்டு. அவை நீண்ட சங்கிலிகளாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் வேட்டி நனைகிறதே தவிரக் கரைவதில்லை.

சரி, எண்ணெய். சமையல் எண்ணெயின் மூலக்கூறில் கிளிசரால் என்கிற சிறு தலையிலிருந்து மூன்று நீண்ட வால்கள் தொங்குகின்றன. ஒவ்வொரு வாலிலும் பெரும்பாலும் 18 கார்பன்கள். வால் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். இந்த இரண்டுக்கும் எலக்ட்ரான் மீதுள்ள ஆசை கிட்டத்தட்ட சமம், இழுபறி இல்லை. முனையும் இல்லை. தண்ணீர் பிடித்துக்கொள்ள அங்கே கொக்கி கிடையாது.

இதனால் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் விலக்கும் விசை எதுவும் அங்கே இல்லை. மெல்லிய ஈர்ப்புகூட உண்டு. அதற்குச் சாட்சியாக ஒரு பழைய சோதனை இருக்கிறது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். அது பரவிப் பரவி ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பில் அலைகளை அடக்கிவிட்டதாக 1774-ல் வெளியான கட்டுரையில் எழுதியிருக்கிறார். 50 சென்ட் நிலம் என்றால் சுமார் 2,000 சதுர மீட்டர். தேக்கரண்டிக்கு 5 மில்லி என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்தப் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அது ஒரேயொரு மூலக்கூறின் உயரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. எண்ணெயின் தலைப்பகுதியில் கொஞ்சம் ஆக்சிஜன் இருப்பதால் அது தண்ணீரைத் தொட்டுக்கொண்டு படுத்துவிடுகிறது. அந்தத் தலையே இல்லாத சுத்தமான பாரஃபின் எண்ணெய் இப்படிப் பரவாது.

பிறகு ஏன் உள்ளே போவதில்லை? எண்ணெய் வால் தண்ணீருக்குள் நுழைந்தால், அதைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளின் நிலையைப் பாருங்கள். கும்மியடிக்கிற இடத்தின் நடுவே ஒரு கல்தூணை நட்டுவிட்டால் பக்கத்தில் ஆடுகிறவர்கள் தூண் பக்கம் கை நீட்ட முடியாது. கை கோக்க வேண்டுமானால் ஒருசில கோணங்களில்தான் நிற்க முடியும். அதேபோல அந்தத் தண்ணீர் மூலக்கூறுகள் பிணைப்பை இழக்க விரும்பாமல் தங்கள் சுதந்திரத்தைக் குறைத்துக்கொள்கின்றன. உப்பு கரையும்போது பரவல் கூடியது. இங்கே தண்ணீரின் அலைச்சலுக்கான வழிகள் குறைகின்றன. அறை வெப்பத்தில் ஹெக்சேன் போன்ற எண்ணெய்ப்பசையுள்ள திரவத்தைத் தண்ணீரில் கரைப்பதற்கான வெப்பக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. தடுப்பது வெப்பமில்லை, இந்த ஒழுங்குக் கெடுபிடிதான்.

பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் எண்ணெய் சிறு துளிகளாகச் சிதறும். ஆயிரம் துளிகள் என்றால் அவற்றைச் சுற்றிக் கெடுபிடிக்கு ஆளாகும் தண்ணீரும் அதிகம். துளிகள் சேரச் சேர அந்தத் தண்ணீருக்கு விடுதலை. அதனால் குலுக்குவதை நிறுத்தியதுமே துளிகள் ஒன்றாகிவிடுகின்றன.

எண்ணெய்க்கு எண்ணெய்தான் சரியான கரைப்பான். தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் ஹெக்சேனைப் பயன்படுத்துவது அதற்காகவே. சமையலறையிலும் இது தினமும் நடக்கிறது. தாளிக்கிற எண்ணெயில் உப்பைப் போட்டால் அடியில் மணல் மாதிரிக் கிடக்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டால் அடுத்த நொடி எண்ணெய் நிறமேறிவிடும். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் எண்ணெய்ப்பக்கம்தான். வாய் எரிகிறதென்று தண்ணீர் குடித்தால் அது காரத்தைக் கழுவிக்கொண்டு போகாது, நாக்கெங்கும் தள்ளிவிடும். தயிரோ பாலோ குடித்தால் அதிலுள்ள கொழுப்பும் புரதமும் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும்.