வட்டலப்பம் விற்க #food எதற்கு? சிறு தொழிலுக்கு ஹேஷ்டேக் தேர்ந்தெடுக்கும் முறை

நம் ஊர்களில் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் சகோதரிகள் பலர் இன்று இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்திருக்கிறார்கள். பலகாரம், அபாயா தையல், மெஹந்தி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்தொழில். படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் படத்தின் கீழே பார்த்தால் #food #love #instagood #follow4follow என்று ஹேஷ்டேக்குகள் வரிசையாக நிற்கின்றன. லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை.

இது ஏன் நடக்கிறது, எப்படி மாற்றலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்தே பார்ப்போம். கீழக்கரையில் ஒரு சகோதரி வீட்டில் தொதலும் வட்டலப்பமும் செய்து விற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தொதல், மாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறி எடுப்பது. சில நாட்கள் தாங்கும், கூரியரிலும் அனுப்பலாம். வட்டலப்பம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. அன்றைக்கே கையில் சேர வேண்டும். இந்த ஒரு வித்தியாசம்தான் அவருடைய ஹேஷ்டேக்குகளையே முடிவு செய்கிறது.

மூன்று வகை

முதல் வகை, பொதுவானவை. #food, #homemade, #sweets போன்றவை. இவற்றில் உலகம் முழுவதிலிருந்தும் பல கோடி பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. நம் சகோதரியின் வட்டலப்பம் அங்கே போய் விழுந்த சில நிமிடங்களில் மற்ற படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். பார்ப்பவரும் எந்த நாட்டில் இருப்பாரோ தெரியாது.

இரண்டாவது, குறிப்பானவை. பொருளின் பெயரையோ அது பயன்படும் தேவையையோ சொல்பவை. #vattalappam, #தொதல் போன்றவை. பதிவுகள் குறைவு. ஆனால் தேடி வருபவர் அந்தப் பொருளைத்தான் தேடி வருகிறார்.

மூன்றாவது, ஊர்ப்பெயர்கள். #keelakarai, #ramnad போன்றவை. வாங்கக்கூடிய தூரத்தில் இருப்பவர் பார்க்கும் இடம் இதுதான்.

எத்தனை போட வேண்டும்? இன்ஸ்டாகிராம் நீண்ட காலம் ஒரு பதிவுக்கு 30 வரை அனுமதித்து வந்தது. ஆனால் 2021-இலேயே, 3 முதல் 5 வரை போதும் என்று அந்நிறுவனமே படைப்பாளர்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டது. எனவே ஐந்தை எல்லையாக வைத்துக் கொள்ளலாம். பொதுவானது ஒன்று, குறிப்பானவை இரண்டு, ஊர்ப்பெயர் இரண்டு. சிறு தொழிலுக்கு இந்தக் கணக்கு போதுமானது.

பொருள் போய்ச் சேரும் ஊரே ஊர்ப்பெயர்

பலர் தவறுவது இங்கேதான். ஊர்ப்பெயர் என்றால் தாம் இருக்கும் ஊர் என்று நினைக்கிறார்கள், அல்லது பெரிய ஊர் என்பதற்காக #chennai போடுகிறார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருளை எந்த ஊர் வரை நம்மால் நல்ல நிலையில் கொண்டு சேர்க்க முடியும்?

வட்டலப்பத்துக்கு விடை கீழக்கரை, பக்கத்தில் உள்ள ஏர்வாடி, அதிகபட்சம் ராமநாதபுரம். அதற்கு #chennai போட்டால் என்ன ஆகும்? மண்ணடியிலிருந்து ஒருவர் ஆசையாக விலை கேட்பார், "அங்கே அனுப்ப முடியாதுங்க" என்று சொல்ல வேண்டி வரும். இப்படி நாலு பேரைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள். நமக்கும் பதில் சொல்லியே நேரம் போகும்.

தொதல் அப்படியல்ல. கூரியரில் சென்னைக்கு அனுப்ப முடியும் என்றால் அந்தப் பதிவில் சென்னை ஊர்ப்பெயர் இடுவது சரிதான். ஒரே வீடு, ஒரே அடுப்பு என்றாலும் இரண்டு பொருளுக்கும் இரண்டு தொகுப்பு வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கும் சிக்கல்

நம் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். #keelakarai, #kilakarai இரண்டும் ஒரே ஊர்தான். ஆனால் இன்ஸ்டாகிராமுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒன்றைப் பார்ப்பவருக்கு மற்றதில் உள்ள பதிவு தெரியாது. காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கும் இதே கதைதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு மட்டும் பொருட்டல்ல.

எதை எடுப்பது? தேடல் பகுதியில் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், உள்ளே திறந்து முதல் இருபது படங்களையாவது பாருங்கள். நம் ஊர்க்காரர்களின் பதிவுகள் அண்மையில் வந்திருந்தால் அது உயிருள்ள பெயர். கடைசிப் பதிவு பல மாதம் முந்தையது என்றால் அங்கே யாரும் வருவதில்லை என்று பொருள்.

பொருளின் பெயருக்கும் இந்தச் சோதனை கட்டாயம். #dodol என்று தட்டினால் பெரும்பாலும் இந்தோனேசிய, மலேசிய தொதல்கள்தான் வந்து நிற்கும். #watalappam என்பது இலங்கையில் புழங்கும் எழுத்துக்கூட்டல். அதில் போட்டால் கொழும்பில் இருப்பவர் ரசிப்பார், ஆனால் வாங்க முடியாது. அதற்குப் பதிலாக #vattalappam எடுக்கலாம். தமிழ் எழுத்திலேயே #வட்டலப்பம், #தொதல் என்றும் போடலாம். பதிவுகள் குறைவாக இருந்தாலும், அந்தச் சொல்லைத் தமிழில் தட்டுகிறவர் நம்மவராகத்தான் இருப்பார்.

இன்னொரு சின்ன விஷயம். ஹேஷ்டேக்கின் நடுவே இடைவெளியோ சிறு கோடோ வந்தால் அது அங்கேயே அறுந்துவிடும். #keelakarai sweets என்று எழுதினால் முதல் சொல் மட்டுமே கணக்கில் வரும். சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டு தொகுப்புகள்

இப்போது நம் சகோதரியின் ஐந்தை எழுதிப் பார்ப்போம். வட்டலப்பப் பதிவுக்கு:

```
#homemadesweets #vattalappam #வட்டலப்பம் #keelakarai #ramnad
```

சென்னைக்கும் அனுப்பும் தொதல் பதிவுக்கு:

```
#southindiansweets #தொதல் #keelakaraisweets #keelakarai #chennaihomemade
```

இரண்டாவது தொகுப்பில் #keelakarai ஏன் என்று கேட்கலாம். சென்னையில் குடியேறிய கீழக்கரைக்காரர்தான் ஊர்த் தொதலைத் தேடுவார். அவர் தேடும்போது தட்டும் சொல் ஊர்ப்பெயர்தான்.

ஹேஷ்டேக்கை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. ஹேஷ்டேக் போடுவதால் பதிவு பரவுவது பெரிதாகக் கூடிவிடாது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே பலமுறை சொல்லியிருக்கிறார். பதிவு எதைப் பற்றியது என்று காட்டுவதுதான் அதன் வேலை. அந்த வேலையில் பாதியை நாம் எழுதும் வாசகமே செய்துவிடும். தேடுபவர் தட்டும் சொல் வாசகத்திலோ பக்கத்தின் பெயரிலோ இருந்தாலும் அவர் நம்மிடம் வந்து சேர வாய்ப்பு உண்டு. "கீழக்கரையில் வீட்டில் செய்த வட்டலப்பம், ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், கிண்ணம் இன்ன விலை, ராமநாதபுரம் வரை கொண்டு வந்து தருவோம்" என்று முதலில் எழுதுங்கள். ஐந்து ஹேஷ்டேக்கும் கடைசியில் ஒரே வரியில் வரட்டும்.

தொந்தரவாகத் தெரிவது எப்போது?

எண்ணிக்கை மட்டுமே ஒரு பதிவைத் தொந்தரவாக்குவதில்லை. பொருளுக்கும் பெயருக்கும் தொடர்பு இல்லாதபோதுதான் பார்ப்பவருக்கு எரிச்சல் வருகிறது. அன்றைக்கு எது பரபரப்போ அதைச் சேர்ப்பது, #like4like போடுவது, பொருள் எதுவானாலும் ஒரே தொகுப்பை ஒட்டுவது, மற்றவர் படத்தின் கீழே நம் ஹேஷ்டேக்கை எழுதுவது, இவை எல்லாம் அந்த வகை.

நம்மவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் சுடிதார் படத்துக்கும் #jummahmubarak. எங்கோ மக்கள் துயரப்படும்போது அவர்களுக்காக எழுதப்படும் ஹேஷ்டேக்கைப் பலகாரப் படத்தின் கீழும் சேர்க்கிறார்கள். துஆவுக்கும் செய்திக்கும் வந்தவர் முன்னால் விலைப்பட்டியலை நீட்டுவது வியாபார ஒழுக்கமல்ல. நோன்புக் கஞ்சிக்கோ இஃப்தார் ஆர்டருக்கோ ரமலான் பெயரைப் போடுவது வேறு. அங்கே பொருளே அந்த மாதத்துக்கானது.

பொதுவான ஹேஷ்டேக்குகள் அதிகமானால் ஓர் அடையாளம் தெரியும். படம் போட்ட ஒரு நிமிடத்தில் முன்பின் தெரியாத பக்கங்களிலிருந்து லைக்கும், "உங்கள் படத்தை எங்கள் பக்கத்தில் விளம்பரம் செய்யுங்கள்" என்ற ஆங்கிலக் கருத்தும் வரும். அவை பெரும்பாலும் தானியங்கிக் கணக்குகள், வாடிக்கையாளர்கள் அல்ல. அப்படி வந்தால் பொதுவானதைக் குறைத்துவிடுங்கள்.

பூட்டிய கணக்கில் ஹேஷ்டேக் வேலை செய்யாது

பல சகோதரிகள் பாதுகாப்புக்காகக் கணக்கைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பூட்டிய கணக்கின் பதிவுகள் ஹேஷ்டேக் பக்கத்தில் வெளியாருக்குத் தெரியாது. எத்தனை போட்டாலும் வீண். குடும்பப் படங்கள் உள்ள கணக்கு பூட்டியே இருக்கட்டும். தொழிலுக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்து, அதில் பொருளின் படங்களை மட்டும் போடுங்கள். ஊர்ப்பெயர் போதும். தெருப்பெயரும் வீட்டின் வரைபடக் குறியும் வேண்டாம். ஆர்டர் உறுதியான பின் அவற்றைத் தனியாகச் சொல்லிக் கொள்ளலாம்.

பலன் வந்ததா என்று பார்ப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புதிதாக ஆர்டர் தருபவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு, அவர் ஊரையும் எழுதி வையுங்கள். தொழில் கணக்காக மாற்றினால், அதற்குக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு பதிவையும் நம்மைப் பின்தொடராதவர்கள் எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்பதையும் இன்ஸ்டாகிராமே காட்டும்.

பத்துப் பதிவுகள் வரை ஒரே தொகுப்பை வைத்துப் பாருங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், உதாரணமாக #ramnad இடத்தில் #ramanathapuram. ஒரே நேரத்தில் ஐந்தையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். பார்வை கூடியும் நோட்டில் ஊர்க்காரர் பெயர் கூடவில்லை என்றால் ஹேஷ்டேக் தவறான ஆளை அழைத்து வருகிறது என்று பொருள். பார்வை குறைந்து, ஏர்வாடியிலிருந்து இரண்டு பேர் புதிதாகக் கேட்டிருந்தால் அந்தத் தொகுப்பை விட வேண்டாம். வட்டலப்பம் கெடுவதற்குள் வாங்கிச் செல்ல வருபவர்கள் அவர்கள்தான்.