ரெஸ்யூமே: பிடிஎஃப்பா, வேர்டா?

பெரிய நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நாம் ஏற்றும் ரெஸ்யூமே முதலில் ஒரு மென்பொருளிடம்தான் போகிறது. கோப்பிலுள்ள எழுத்துகளை அது உருவியெடுத்து பெயர், செல்பேசி எண், படிப்பு, வேலை பார்த்த இடம், திறன்கள் என்று தனித்தனிக் கட்டங்களில் போடுகிறது. பிறகு எச்.ஆர். அலுவலர் தேடுவது அந்தக் கட்டங்களில்தான். உங்கள் அனுபவம் தவறான கட்டத்தில் விழுந்திருந்தால், தேடும்போது நீங்கள் வரமாட்டீர்கள்.

இங்கேதான் கோப்பு வடிவம் முக்கியமாகிறது. வேர்டின் .docx கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரித்தால் உள்ளே document.xml என்று ஒன்று இருக்கும். இது ஒரு பத்தி, இது அதற்கடுத்த பத்தி என்று எழுத்தெல்லாம் அதில் வரிசையாகக் கிடக்கும். மென்பொருளுக்கு வேலை சுலபம். பிடிஎஃப் வேறு நோக்கத்தில் பிறந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பதற்காக 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம் அது. இந்த எழுத்தைப் பக்கத்தில் இந்த இடத்தில் வை என்னும் கட்டளைகளே அதில் முக்கியம். எந்த வரிக்குப் பின் எந்த வரி என்பதைப் பல நேரம் மென்பொருள் இடைவெளியை அளந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மெக்கானிக்கல் டிப்ளமோக்காரரின் ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் குறுகலான பத்தியில் திறன்கள், வலப்பக்கம் வேலை அனுபவம். டிசைன் தளங்களில் கிடைக்கும் அழகான மாதிரி, பிடிஎஃப்பாக இறக்கியது. ஊகம் தவறும்போது மென்பொருள் இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்து வாசித்துவிடும்:

```
AutoCAD   Production Supervisor
MS Excel  June 2021 - March 2024
```

இனி அவருடைய பதவி "AutoCAD Production Supervisor" ஆகலாம். எக்செல் வேலை செய்த இடமாகலாம். தேதிகள் சேரவேண்டிய நிறுவனத்தோடு சேராததால், ஏறக்குறைய மூன்று வருட அனுபவம் கணக்கில் வராமலே போகலாம். சில எழுத்துருக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. f, i இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக அச்சிடும்போது "Certified" என்பது "Certi ed" என்று வெளிவரும். அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு அது கிடைக்காது. காகிதத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். அது வெறும் படம். உருவியெடுக்க அதில் எழுத்தே இல்லை.

அதனால் வேர்டு என்றால் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெயரையும் செல்பேசி எண்ணையும் பக்கத்தின் தலைப்பகுதியில், அதாவது ஹெடரில், பலர் வைக்கிறார்கள். .docx கோப்பில் ஹெடர் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. சில மென்பொருள்கள் அதைத் தொடுவதே இல்லை. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் எழுதியதும் இப்படி விடுபடலாம். வேர்டிலேயே டேபிள் போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தாலும் வரிசை குழம்ப வாய்ப்புண்டு.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். விளம்பரத்திலோ பக்கத்திலோ வடிவம் சொல்லியிருந்தால் அதையே அனுப்புங்கள். சொல்லாதபோது, இணையப் பக்கத்தில் ஏற்றுவதற்கு ஒரே பத்தியாக எழுதிய .docx பாதுகாப்பானது, பழைய.doc வேண்டாம். ஒரு மனிதருக்கு நேரே மின்னஞ்சலில் அனுப்பினால் பிடிஎஃப் நல்லது. அவர் செல்பேசியில் திறந்தாலும் வரிகள் கலையாது. அந்தப் பிடிஎஃப்பை வேர்டிலேயே Save As கொடுத்து உருவாக்குங்கள். அச்செடுத்து ஸ்கேன் செய்யாதீர்கள். அப்படி உருவாக்கிய ஒரே பத்தி பிடிஎஃப்பை இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கின்றன. எழுதிய அமைப்பு கோணலாக இருந்தால் எந்த வடிவமும் கைகொடுக்காது.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி நோட்பேடில் ஒட்டுங்கள். வேர்டு கோப்பென்றால் Plain Text ஆகச் சேமித்துத் திறந்து பாருங்கள். மென்பொருளுக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ இதுதான். பெயர், எண், ஒவ்வொரு வேலையின் பதவி, நிறுவனம், தேதி ஆகியவை நீங்கள் எழுதிய வரிசையிலேயே வருகின்றனவா? எழுத்து எதுவும் விழுங்கப்பட்டிருக்கிறதா? ஒட்டும்போது ஒன்றுமே வரவில்லையென்றால் அது படக்கோப்பு.

கடைசியாக ஒன்று. ரெஸ்யூமேயை ஏற்றியதும் பல தளங்கள் விண்ணப்பப் படிவத்தைத் தாமே நிரப்பிக் காட்டும். அவசரப்பட்டு அடுத்த பொத்தானை அழுத்திவிடாமல் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தவறாக விழுந்ததைக் கையால் திருத்திய பிறகே அனுப்புங்கள்.