போன் நிரம்பினால் எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

ஆண்ட்ராய்டு போனில் இடம் தீர்ந்ததும் முதலில் தடுமாறுவது கேமராதான். படம் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வரும். செயலிகள் புதுப்பித்துக்கொள்ள மறுக்கும். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ இறங்காது. அந்த அவசரத்தில் கண்ணில் பட்டதை அழிக்கும்போதுதான் படங்கள் தொலைகின்றன. இடத்தை அடைத்திருப்பது எது, அதற்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே அழிக்கத் தொடங்க வேண்டும்.

போனின் Settings பகுதியில் Storage என்ற பக்கம், செயலிகள், படங்கள், வீடியோக்கள், ஒலிகள், சிஸ்டம் என்று வகைவகையாகக் கணக்குக் காட்டும். சிஸ்டம் என்பது போனை இயக்கும் மென்பொருள். அதைக் குறைக்க வழியில்லை. படங்கள், வீடியோக்கள் என்ற வகைதான் பலரைக் குழப்புகிறது. சொந்தக் கேமராவில் எடுத்ததும், குடும்பக் குழுவில் வந்த காலை வணக்கப் படமும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. கோப்பு என்ன வகை என்பது அந்தப் பக்கத்தில் தெரியும், அது எந்த வழியாக வந்தது என்பது தெரியாது.

அதை அறிய வாட்ஸ்அப்புக்குள் போக வேண்டும். அங்கே Settings, பிறகு Storage and data, அதில் Manage storage. 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள், பலமுறை பகிரப்பட்டவை என இரண்டு தொகுப்புகளும், அதன் கீழே எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். பெரியது மேலே நிற்கும். பெரும்பாலும் அது யாரும் அதிகம் படிக்காத ஒரு குழுவாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு 64 ஜிபி போனை வைத்துக்கொள்ளலாம். சிஸ்டத்துக்கு 17, செயலிகளுக்கு 12, படங்களுக்கும் வீடியோக்களுக்கும் 30, மற்றவற்றுக்கு 3 போக, மீதி 2 ஜிபி. அந்த 30-இல் கேமரா எடுத்தது 12, வாட்ஸ்அப் வழியாகச் சேர்ந்தது 18. போனின் உரிமையாளர் தம் கேமராப் படங்களைத்தான் சந்தேகிப்பார். நிரப்பியதோ அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவின் வீடியோக்கள்.

இந்த 18-இல் பலர் அறியாத ஒரு பங்கு உண்டு. கேலரியிலிருந்து ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதைச் சுருக்கி இன்னொரு பிரதியாக வாட்ஸ்அப் தன் Sent ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. கேமராவின் மூலப்படம் தனியாக அப்படியே இருக்கும். போனிலுள்ள ஃபைல்ஸ் செயலியில் இந்த இடத்துக்குப் போனால் அதைப் பார்க்கலாம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Video/Sent
```

நமது போனில் இந்த ஃபோல்டர் 4 ஜிபி என்று கொள்வோம். இவற்றின் மூலம் கேமரா ஃபோல்டரில் இருப்பதைச் சரிபார்த்துவிட்டு அழித்தால் நினைவு எதுவும் போகாது. சரிபார்ப்பது அவசியம். கேலரியிலிருந்து மூலத்தை முன்பே அழித்திருந்தாலோ, வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் கேமராவிலேயே எடுத்து அனுப்பியிருந்தாலோ, இங்கே இருப்பதுதான் ஒரே பிரதியாக இருக்கக்கூடும். அடுத்து, பலமுறை பகிரப்பட்டவை 2 ஜிபி. குடியிருப்புக் குழுவில் 5 எம்பிக்கு மேற்பட்டவை 4 ஜிபி. Manage storage பக்கத்திலேயே அவற்றைப் பார்த்துத் தேர்ந்து நீக்கலாம். ஆக 10 ஜிபி கிடைத்துவிட்டது. கேமராப் படம் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டியதற்குக் காரணம், அந்த நிறுவனம் பழைய படங்களைத் தன் சர்வரில் நமக்காகக் காத்து வைத்திருப்பதில்லை என்பதே. போனில் அழிந்தால், அனுப்பியவரிடம் கேட்டு மறுபடி வாங்க வேண்டியதுதான். டெலிகிராம் இதற்கு நேர் எதிர். அதன் வழக்கமான உரையாடல்களில் வரும் படங்கள் சர்வரில் இருக்கின்றன. ஆகவே அதன் கேஷை முழுதும் துடைத்தாலும், படத்தைத் தொட்டவுடன் திரும்ப இறங்கும். ஒன்றில் பழகிய கையோடு மற்றதிலும் அப்படியே செய்தால் ஆபத்து.

செயலியின் தகவல் பக்கத்தில் அருகருகே இருக்கும் இரண்டு பொத்தான்களும் இப்படித்தான் ஏமாற்றும். Clear cache என்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். செயலி தேவைப்படும்போது அவற்றை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். Clear data, சில போன்களில் Clear storage, என்பது செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். வாட்ஸ்அப்பில் இதை அழுத்தினால் போனிலுள்ள உரையாடல்கள் மறைந்து, பேக்கப் இருந்தால்தான் திரும்பும். அந்தப் பேக்கப்பிலும் வீடியோக்களைச் சேர்க்கும்படி தனியாகத் தேர்ந்திருந்தால் மட்டுமே அவை இருக்கும்.

சொந்தப் படங்களைப் போனிலிருந்து எடுக்க கூகுள் போட்டோஸின் Free up space வசதி உண்டு. பேக்கப் ஆனவற்றை மட்டுமே அது போனிலிருந்து நீக்கும். கணக்கில் படம் இருக்கும். ஆனால் அதே செயலியில் ஒரு படத்தைத் திறந்து சாதாரணமாக அழித்தால், போனிலிருந்தும் கணக்கிலிருந்தும் இரண்டிலுமே போய்விடும். இந்த வேறுபாடு தெரியாமல் இழந்தவர்கள் ஏராளம். வேறு இரண்டையும் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப் ஃபோல்டர் தானாகப் பேக்கப் ஆவதில்லை. அமைப்பில் அந்த ஃபோல்டரைத் தனியாக இயக்க வேண்டும். இலவச இடமான 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் பங்கிட்டுக்கொள்வதால், அது நிரம்பினால் புதிய படங்கள் ஏறாது. பேக்கப் நடந்துவிட்டதா என்பதை நம்பிக்கையில் விடாமல், வேறொரு கணினியில் photos.google.com தளத்தைத் திறந்து, கடைசி வாரத்தின் ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு இடத்தை விடுவிப்பதே முறை.

கணக்கில் இடமில்லாதவர்களுக்குக் கணினியும் யுஎஸ்பி கேபிளும் போதும். போனை இணைத்து, திரையில் File transfer தேர்ந்து, DCIM ஃபோல்டரையும் வாட்ஸ்அப்பின் Media ஃபோல்டரையும் கணினிக்குக் காப்பி செய்யலாம். கட் செய்வது தவறு. நடுவில் கேபிள் கழன்றால் பாதி இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும். காப்பி முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, ஆங்காங்கே சிலவற்றைத் திறந்து பார்த்த பின் போனில் அழிக்கலாம். மெமரி கார்டு எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம் என்பதால், ஒரே பிரதியை அதில் மட்டும் வைப்பது நல்லதல்ல.

அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்றால் குப்பைத்தொட்டியைப் பார்க்க வேண்டும். கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் அழித்தவை உடனே போய்விடுவதில்லை. பல போன்களின் கேலரியில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள் அங்கே கிடக்கும். போனிலுள்ள கோப்பு தொட்டியில் இருக்கும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நாட்களுக்குள் தவறு தெரிந்தால் மீட்கலாம் என்பதால், ஓரிரு நாள் பொறுத்துத் தொட்டியைக் காலி செய்வது நல்லது.

மறுபடி நிரம்பாமலிருக்க, வாட்ஸ்அப்பின் Storage and data பக்கத்தில் Media auto-download பகுதியில் வீடியோவுக்கான குறிகளை எடுத்துவிடலாம். வைஃபையில் எல்லாம் தானாக இறங்கும்படிதான் பெரும்பாலும் அமைந்திருக்கும். இதிலும் ஒரு விலை உண்டு: இறக்காமல் நெடுநாள் விட்ட வீடியோ சர்வரிலிருந்து நீங்கிவிடும். பேரனின் பிறந்தநாள் வீடியோ போன்றவற்றை வந்த வாரத்திலேயே தொட்டு இறக்கிக்கொள்ள வேண்டும்.