என் அட்டை எனக்குச் சம்பாதித்துத் தந்தது எவ்வளவு?

கடந்த மாதம் வந்த கடன் பற்று அட்டைக் கணக்கறிக்கையில் மூன்று வரிகள் என் கண்ணை உறுத்தின. ஆண்டுக் கட்டணம் 150 ரிங்கிட், சேவை வரி 25 ரிங்கிட், மனைவியின் துணை அட்டைக்குச் சேவை வரியாக இன்னொரு 25 ரிங்கிட். துணை அட்டையோ அலமாரியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

ஓராண்டுக்கு முன் பேரங்காடியில் அட்டை விற்ற தம்பி, "பெட்ரோலுக்கு 5 விழுக்காடு கேஷ்பேக், முதல் ஆண்டு கட்டணம் இல்லைண்ணே" என்றார். பொய்யில்லை. ஆனால் சிறிய எழுத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பெட்ரோலுக்கு மாதம் 15 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்காது. அதுவும் அட்டையில் மொத்தம் 2,000 ரிங்கிட் செலவழித்தால்தான். இல்லையென்றால் ஒரு விழுக்காடு மட்டுமே.

பன்னிரண்டு மாத அறிக்கைகளையும் மேசையில் பரப்பினேன். மாதம் 300 ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் போடுகிறேன். ஏழு மாதங்கள் 2,000 ரிங்கிட்டைத் தொட்டதில் 105 ரிங்கிட் வந்தது. மற்ற ஐந்து மாதங்களுக்கு மும்மூன்று ரிங்கிட். ஆக மொத்தம் 120. அதில் ஒரு மாதம், மாத இறுதியில் வாங்கிய பொருள் அடுத்த மாதக் கணக்கில் பதிவானதால் தவறிப்போனது. வங்கி பார்ப்பது நாம் அட்டையை நீட்டிய நாளை அல்ல, கணக்கில் பதிவான நாளை. இன்னொரு மாதம், 2,000 ரிங்கிட்டை எட்டுவதற்காகவே 180 ரிங்கிட்டுக்கு வாணலி வாங்கினேன். அதனால் கூடுதலாகக் கிடைத்தது 12 ரிங்கிட்!

இதே போக்கில் போனால் வரும் ஆண்டில் 120 ரிங்கிட் பெற 200 ரிங்கிட் கட்ட வேண்டும். வங்கியை அழைத்து, அட்டையை ரத்து செய்யப் போவதாகச் சொன்னேன். அந்த ஊழியர் புள்ளிகள் தரும் வேறொரு அட்டைக்கு மாறச் சொன்னார். ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு புள்ளி; 50 ரிங்கிட் பற்றுச்சீட்டுக்கு 25,000 புள்ளிகள். அதாவது 100 ரிங்கிட் செலவழித்தால் 20 சென். வேண்டாம் என்றதும் ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார். சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. 2018 செப்டம்பர் முதல் அட்டைக்கு 25 ரிங்கிட் என்று நடப்பில் இருக்கிறது. அதை விட்டுத்தர முடியாது என்றார்.

இப்போது 50 ரிங்கிட் செலவு, 70 ரிங்கிட் மிச்சம். அதுவும் பாக்கி வைக்காத வரைதான். 2,000 ரிங்கிட்டை ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தாலும், 18 விழுக்காட்டு வட்டியில் 30 ரிங்கிட் போய்விடும். அது இரண்டு மாதப் பெட்ரோல் கேஷ்பேக்.

துணை அட்டையை அன்றே ரத்து செய்தேன். ஏற்கெனவே விதித்த வரி திரும்பி வராதாம். அடுத்த ஆண்டு, கட்டணம் விழும் மாதத்துக்கு முன்பே அழைக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.