படத்தில் பட்டு, பார்சலில் பாலியஸ்டர்

இன்ஸ்டாகிராமில் ஒரு பொட்டிக் பக்கம். மெரூன் காஞ்சிப் பட்டு, 1,499 ரூபாய். என் அக்கா பணம் அனுப்பினார். பத்து நாள் கழித்து வந்தது மெல்லிய பாலியஸ்டர் புடவை. முந்தானை நூல் ஒன்றை எரித்துப் பார்த்தோம். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் பொடியும். இது உருகிக் கெட்டி மணியாக நின்றது. கேட்டதற்கு அக்காவை பிளாக் செய்துவிட்டார்கள்.

அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டோம். வேறொரு கடையின் பக்கத்தில் அதே புடவை, அதே பெண். விலை பல மடங்கு. படம் திருட்டு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்தது. பணம் கட்டும் முன்பே பார்த்திருக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் பக்கத்தின் பெயரைத் தொட்டால் About this account என்று வரும். கணக்கு தொடங்கிய மாதமும் எத்தனை முறை பெயர் மாறியது என்பதும் அதில் இருக்கும். அடிக்கடி பெயர் மாறியிருந்தாலோ, கமெண்ட் மூடியிருந்தாலோ நான் வாங்கமாட்டேன்.

நம்பகமான சோதனை ஒன்று உண்டு. புடவை மேல் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்து வீடியோ கேளுங்கள். சரக்கு கையில் இல்லாதவர் சாக்குதான் சொல்வார். கேஷ் ஆன் டெலிவரியும் முழுப் பாதுகாப்பல்ல. பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகே பார்சலைப் பிரிக்க முடியும்.

ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், அல்லது cybercrime.gov.in-இல் புகார் கொடுங்கள்.