தொட்டிக்குள் தொங்கும் அளவுகோல்

எங்கள் குடியிருப்பின் நிலத்தடி சம்ப் 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். அதனால் கணக்கு எளிது. நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 100 லிட்டர். 12,000 லிட்டர் லாரி வந்து கொட்டினால் 120 சென்டிமீட்டர் ஏற வேண்டும். இதைப் பார்க்க வாட்ச்மேன் இரும்பு மூடியைத் தூக்கி மூங்கில் கழியை விடுவார். மிதவை சுவிட்ச் இருந்தது, ஆனால் அது மோட்டாரை நிறுத்துமே தவிர எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லாது. சென்ற ஆண்டு, நீரின் அழுத்தத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும் சென்சார் ஒன்றை உள்ளே தொங்கவிட்டோம்.

கட்டைவிரல் பருமனில் ஒரு ஸ்டீல் உருளை அது. நுனியில் சிறு துளைகள், அவற்றின் பின்னால் மெல்லிய உலோகச் சவ்வு. மேலே நிற்கும் தண்ணீர் சவ்வை எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்ப வயரில் ஓடும் மின்னோட்டம் மாறும். நாங்கள் வாங்கியது 5 மீட்டர் வரை அளப்பது. வெறும் காற்றில் 4 மில்லியாம்பியர், 5 மீட்டர் ஆழத்தில் 20. தொடக்கத்தைச் சுழியத்தில் வைக்காததற்குக் காரணம் உண்டு: வயர் அறுந்தால்தான் சுழியம் வரும், அதைக் காலித் தொட்டி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மின்னோட்டத்தை 150 ஓம் மின்தடை வழியாக விட்டு, அதில் விழும் மில்லிவோல்ட்டைப் படிக்கிறோம். கணக்குப்படி காற்றில் 600, அதன்பின் மீட்டருக்கு 480 கூட வேண்டும்.

ஆனால் மின்தடையும் படிக்கும் கருவியும் கணக்கில் உள்ளபடியே அமைவதில்லை. அதனால் தெரிந்த சில ஆழங்களில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இதற்குத் தொட்டியே தேவையில்லை. நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது, தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததல்ல. அடி மூடிய நாலு அங்குல பிவிசி குழாயை மாடிப்படிக் கைப்பிடியில் செங்குத்தாகக் கட்டி, தண்ணீர் நிரப்பினோம். சென்சாரின் வயரில் ஒட்டுநாடாவால் குறி போட்டோம். அந்தக் குறிகளைச் சவ்வு இருக்கும் துளையிலிருந்து அளக்க வேண்டும். வயர் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் சென்சாரின் நீளமே பிழையாகச் சேர்ந்துவிடும்.

காற்றில் 612 வந்தது. அரை மீட்டரில் 851, ஒன்றில் 1090, ஒன்றரையில் 1331, இரண்டில் 1570. வரைபடத் தாளில் ஐந்து புள்ளிகளும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. இரண்டு புள்ளிகள் போதாதா என்று கேட்கலாம். இரண்டு புள்ளிகளை எப்போதும் ஒரு நேர்கோடு இணைத்துவிடும். டேப்பைத் தவறாகப் படித்திருந்தாலும் தெரியாது. மூன்றாவது புள்ளிதான் தவறைக் காட்டிக்கொடுக்கும். எங்களுக்குக் கிடைத்த கோடு இது, `V` மில்லிவோல்ட்டில்:

```
depth_m = (V - 612) / 479
```

கோடு போடப் பயன்படுத்தாத ஓர் ஆழத்திலும், 1.25 மீட்டரில், வைத்துப் பார்த்தோம். 1211 வந்தது, சரியாக இருந்தது. விற்பவர் கொடுத்த கணக்கை அப்படியே நம்பியிருந்தால், காலித் தொட்டியில் இரண்டரை சென்டிமீட்டர், அதாவது 250 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் காட்டியிருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் பத்தே நாளில் சிக்கல் வந்தது. மதியம் ஆனால் மட்டம் 20 சென்டிமீட்டர் வரை இறங்கியது. "சம்ப்ல எங்கயோ கசியுது சார்" என்றார் பிளம்பர். ஆனால் மோட்டார் ஓடாத நாளிலும் மட்டம் இறங்கியது, லாரி வராமலே இரவில் திரும்ப ஏறியது. கசிந்து போன தண்ணீர் தானாகத் திரும்பி வராது.

காரணம் வயருக்குள் இருந்தது. தண்ணீரின் மேல் காற்றும் அழுத்துகிறது. அதைக் கழிக்க, வயருக்குள் ஓடும் நுண்குழாய் ஒன்று வெளிக்காற்றைச் சவ்வின் பின்புறம் கொண்டுபோகிறது. அந்தக் குழாயின் வாய் முடியும் பெட்டியை, மழை நீர் புகாதிருக்க நாங்களே சிலிக்கான் பசையால் அடைத்து, மேற்குச் சுவரில் மாட்டியிருந்தோம். வெயில் ஏற ஏற உள்ளே சிறைப்பட்ட காற்று சூடாகி அழுத்தம் கூடியது. அது சவ்வைப் பின்னாலிருந்து தள்ள, ஆழம் குறைவாகத் தெரிந்தது. ஒரு மில்லிபார் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். காற்று வெளியேற வழியில்லாத பெட்டியில் ஆறு டிகிரி சூடு கூடினாலே 20 மில்லிபார் ஏறிவிடும்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியின் மூடியைத் திறந்தோம். அளவு அந்த நொடியே 1.31 மீட்டரிலிருந்து 1.50க்குத் தாவியது. மூங்கில் கழியும் 1.50 காட்டியது. இப்போது பெட்டியின் அடியில், நீர் ஏறாமல் காற்றை மட்டும் விடும் மூச்சு மூடி போட்டிருக்கிறோம். நுண்குழாயில் ஈரம் கோர்த்தாலும் இதே தொல்லை வரும் என்பதால் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் கிடக்கிறது.